மழைக் கணக்கு: கோடா, பட்டையா?

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி அலுவலகச் சுவரிலோ உழவர் கூட்டத்திலோ மாத மழைக் கணக்கைப் படமாகப் போட்டுக் காட்டும் வேலை உங்களில் பலருக்கு இருக்கிறது. அந்தப் படம் கோட்டு வரைபடமாக இருக்க வேண்டுமா, பட்டை வரைபடமாக இருக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய பேச்சு. மாத மழைக்குப் பட்டை என்பது என் கட்சி. ஆனால் கோட்டுக்கும் ஓர் இடம் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மழைமானியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தினமும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்தில் சேர்ந்த நீரை அளந்து குறிக்கிறார்கள். மாதம் முழுக்க அப்படிக் குறித்ததைக் கூட்டினால் மாத மழை. வெப்பநிலை அப்படிப்பட்டதல்ல. எந்த நொடியில் பார்த்தாலும் வெப்பநிலை என்று ஒன்று இருக்கும். ஏப்ரலிலிருந்து மே வரைக்கும் அது இடைப்பட்ட அளவுகளைக் கடந்துதான் போகிறது. அதைக் கோட்டால் இணைப்பது நியாயம். மாத மழையோ ஒரு கூட்டுத்தொகை. செப்டம்பர் தொகைக்கும் அக்டோபர் தொகைக்கும் நடுவில் எதுவுமே இல்லை. இல்லாத இடத்தில் கோடு ஓடுகிறது.

அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மானாவாரி நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பருத்தி, உளுந்து, சோளம் எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறவை. கணக்குக்காக உருட்டிய எண்களாகவே சொல்கிறேன்: செப்டம்பரில் 40 மி.மீ., அக்டோபரில் 160 மி.மீ. கோட்டு வரைபடத்தில் இந்த இரண்டு புள்ளிகளும் அந்தந்த மாதத்தின் நடுவில் விழும். நடுவில் கோடு ஏறும். உழவர் விரலை எங்கே வைப்பார்? விதைக்கிற நேரத்தில் வைப்பார். புரட்டாசி நடு, அதாவது செப்டம்பர் கடைசி. அங்கே கோடு 100-இல் நிற்கிறது. “செப்டம்பர் முடியறதுக்குள்ள 100 மில்லி வந்துடுது போல” என்று அவர் படிப்பார். தப்பு அவருடையதல்ல. கோடு அப்படித்தான் சொல்கிறது. உண்மையில் செப்டம்பர் முழுவதும் பெய்ததே 40 தான். அதை நம்பி ஈரம் பத்தாத மண்ணில் விதையைப் போட்டால் முளைத்துக் காய்ந்துபோகும்.

கணினியில் வரைகிறவர்களுக்கு இன்னொரு வம்பு. எக்செலில் கோட்டை வளைத்து அழகாக்கும் வசதி இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மழைக்குப் பிறகு பிப்ரவரி, மார்ச்சில் அளவு சட்டென்று விழும்போது அந்த வளைவு சில சமயம் சுழியத்துக்குக் கீழே இறங்கிவிடும். மைனஸ் மழை! இதைச் சுவரில் ஒட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

சரி, பட்டை என்று முடிவு செய்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. பலரும் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு சராசரிப் பட்டைகளைப் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சென்னை நல்ல சாட்சி. 2015 நவம்பரில் அங்கே 1,000 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படியொரு மாதம் பத்தில் ஒன்றாக வந்து, மற்ற ஒன்பது நவம்பரும் 300 மி.மீ. பெய்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 370-ஐ எட்டிவிடும். ஆனால் பத்தில் ஒன்பது ஆண்டுகள் அந்தச் சராசரியைத் தொடவே இல்லை. அடுத்த ஆண்டே, 2016-இல், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்துபோனது. இந்த இரண்டு ஆண்டையும் கலந்து ஒரே பட்டையாக்கினால், இரண்டு ஆண்டிலுமே நடக்காத ஒன்றைத்தான் வரைந்திருப்போம்.

உழவருக்கு வேண்டியது சராசரி அல்ல. “பத்து வருஷத்துல எத்தனை வருஷம் விதைக்கிற அளவுக்குப் பெஞ்சிருக்கு?” என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் படத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைக்காமல், ஒரு மாதத்துக்குப் பத்து ஆண்டு என்று வையுங்கள். அக்டோபருக்கு ஒரு கட்டம், அதில் ஆண்டு வரிசையில் பத்துப் பட்டைகள். அந்த ஊரில் அந்தப் பயிருக்கு அக்டோபரில் குறைந்தது 100 மி.மீ. வேண்டும் என்று பெரியவர்களும் வேளாண் அலுவலரும் சொன்னால், 100-இல் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். அதைத் தாண்டிய பட்டை எத்தனை என்று உழவரே விரல்விட்டு எண்ணிக்கொள்வார். பத்துக்கு ஏழு என்றால் விதைப்பதா வேண்டாமா என்பதை அவர் கடனையும் கையிருப்பையும் பார்த்து முடிவு செய்வார். நாம் சொல்லத் தேவையில்லை.

இதையே பத்து வண்ணக் கோடுகளாகப் போட்டால் நூல்கண்டு சிக்கினது மாதிரி ஆகிவிடும். அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் எந்தக் கோடு எந்த ஆண்டு என்று வரைந்தவருக்கே தெரியாது. பட்டைக்கு வண்ணமே வேண்டாம்.

பட்டைக்கும் ஒரு பொல்லாத குணம் உண்டு. மழைமானி பழுதாகி ஒரு மாதம் அளவே எடுக்கவில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்கும். மழையே பெய்யவில்லை என்றாலும் அந்த இடம் காலிதான். பார்க்கிறவர் இரண்டையும் வறட்சி என்றே எடுத்துக்கொள்வார். அதனால் பெய்யாத மாதத்தில் 0 என்று எழுதுங்கள், அளக்காத மாதத்தில் “அளவு இல்லை” என்று எழுதுங்கள். பட்டையின் அடி எப்போதும் சுழியத்தில் தொடங்கட்டும். 50-இல் தொடங்கினால் 150-இன் பட்டை 100-இன் பட்டையைவிட இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும்.

மாதப் பெயர் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்டோபரை அழித்துவிட்டு ஐப்பசி என்று எழுதிவிடாதீர்கள். ஐப்பசி அக்டோபர் நடுவில் பிறக்கிறது. நாள்வாரிக் கணக்கு கையில் இருந்தால் தமிழ் மாதப்படியே புதிதாகக் கூட்டிக்கொள்ளலாம், அதுதான் நல்லது. இல்லையென்றால் அக்டோபர் பட்டைக்குக் கீழே “புரட்டாசிப் பின்பாதி, ஐப்பசி முன்பாதி” என்று எழுதினால் போதும். அளவிலும் அப்படித்தான். செய்தியில் 7 செ.மீ. என்று கேட்டுப் பழகியவர் படத்தில் 70 மி.மீ. என்று பார்த்தால் ஒரு கணம் தடுமாறுவார். ஓரத்தில் இரண்டையும் போடுங்கள்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். அக்டோபர் 1-இலிருந்து நாள்தோறும் பெய்ததைக் கூட்டிக்கொண்டே போய் வரைந்தால் அங்கே கோடு பொய் சொல்லாது. ஒவ்வொரு நாளும் “இதுவரை இவ்வளவு” என்று ஓர் அளவு உண்மையிலேயே இருக்கிறது. கோடு செங்குத்தாக ஏறினால் கனமழை, படுத்துக் கிடந்தால் மழை இல்லை. பக்கத்தில் வழக்கமான ஆண்டின் கோட்டையும் மெல்லியதாகப் போட்டால் இந்த ஆண்டு முந்துகிறதா பிந்துகிறதா என்று தெரியும். பருவம் நடந்துகொண்டிருக்கும்போது வாரம் ஒருமுறை பலகையில் நீட்டிக்கொண்டே போக இது தோதானது. ஆனால் இதிலும் கவனம் வேண்டும். நவம்பர் முழுக்கக் காய்ந்து, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் மழை கொட்டினால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். குறை தீர்ந்தது என்று படம் சொல்லும், பயிர் அதற்கு முன்பே கருகியிருக்கும். இறுதிப் புள்ளியைப் பார்க்காமல் கோடு எத்தனை நாள் படுத்துக் கிடந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டையிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. 160 மி.மீ. ஒன்பது நாளில் பெய்ததா, இரண்டே நாளில் அடித்துக்கொண்டு ஓடிப்போனதா என்று பட்டையின் உயரம் சொல்லாது. வானிலைத் துறை ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கிறது. அந்த மழை நாள் எண்ணிக்கையை ஒவ்வொரு பட்டையின் தலையிலும் பெரிதாக எழுதிவிடுங்கள். 160-க்கு மேல் 9 என்று இருந்தால் ஒரு பேச்சு, 2 என்று இருந்தால் வேறு பேச்சு.