வீட்டு நகைக்கு 500 கிராம்தான் வரம்பா? பழைய பில்லை ஏன் தூக்கிப் போடக் கூடாது?

கேள்வி: சார், நாங்க தண்டையார்பேட்டை. வீட்ல நான், வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற பொண்ணு, வேலைக்குப் போற பையன். எல்லார் நகையும் சேர்த்தா 140 சவரன் வரும். பில் இருக்கிறது 55 சவரனுக்குத்தான். கல்யாணமான பொம்பளைக்கு 500 கிராமுக்கு மேல இருந்தா எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: இல்லம்மா. இவ்வளவு நகைதான் வச்சிருக்கலாம்னு நம்ம நாட்டுல இன்னிக்கு சட்டம் எதுவும் கிடையாது. ஒரு காலத்துல கட்டுப்பாடு இருந்தது. 1968-ல வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தங்கக் கட்டியை வீட்ல வச்சுக்கவே கூடாது. நகையும் குறிப்பிட்ட எடைக்கு மேல போனா அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கணும். 1990-ல அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. வீட்ல பெரியவங்க 'அளவுக்கு மேல வச்சுக்காதே'ன்னு பயப்படுறதுக்கு அந்தப் பழைய காலம் ஒரு காரணம்.

அப்போ இந்த 500 கிராம் எங்க இருந்து வந்தது? 1994 மே மாசம் மத்திய நேரடி வரிகள் வாரியம் தன்னோட அதிகாரிகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. வருமான வரி சோதனைக்குன்னு ஒரு வீட்டுக்குள்ள போறப்போ கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரைக்கும் தங்க நகையைப் பறிமுதல் பண்ண வேண்டாம்னு அதுல இருக்கு. சவரன்ல சொன்னா அறுபத்திரண்டரை, முப்பத்தொண்ணேகால், பன்னிரண்டரை. இது நமக்குப் போட்ட வரம்பு இல்லைங்க, அதிகாரியோட கைக்குப் போட்ட வரம்பு. குடும்பத்தோட நிலைமை, சமூகத்தோட பழக்க வழக்கம் பார்த்து இதுக்கு மேலயும் விட்டுட்டுப் போகலாம்னு அதே உத்தரவுல இடம் கொடுத்திருக்காங்க. 2016 டிசம்பர்ல வதந்தி பரவுனப்போ வாரியம் திரும்பவும் விளக்கம் கொடுத்தது: கணக்குக் காட்டுன வருமானத்துலயோ, பரம்பரையாவோ வந்த நகை எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கலாம், வருமானத்துக்குப் பொருந்தாத மாதிரி தெரிஞ்சாக்கூட அந்த 500, 250, 100 கிராமை எடுக்க மாட்டோம்.

இப்போ உங்க வீட்டுக் கணக்கைப் போடலாம். 140 சவரன்னா 1,120 கிராம். நீங்க 500, பொண்ணு 250, வீட்டுக்காரர் 100, பையன் 100, மொத்தம் 950. ஒரு பில்லும் இல்லைன்னு வச்சுக்குங்க, 170 கிராம் வெளிய நிக்குது, அதாவது இருபத்தொண்ணேகால் சவரன். இப்போ அந்த 55 சவரன் பில்லை எடுத்து வைங்க. அது 440 கிராம். அந்த நகைக்கு எப்போ, எங்க, என்ன விலைக்கு வாங்கினதுன்னு பதில் இருக்கு. பதில் இருக்கிற நகை இந்தச் சலுகைக் கணக்குக்குள்ள வர வேண்டிய அவசியமே இல்லை. மீதி 680 கிராமுக்குத்தான் அந்த 950 வேணும். தாராளமா அடங்கிடுது. பீரோவுல ஒரு கவர்ல கிடக்கிற பில்லு செய்யுற வேலை இது.

இதுல ரெண்டு இடத்துல நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. முதல் விஷயம், அந்த உத்தரவு நகைக்கு மட்டும்தான். காசு, பிஸ்கட், கட்டி எதுவும் அதுல வராது. அட்சய திருதியைக்கு வாங்குன 1 கிராம் காசுக்குக்கூட பில் வேணும். நீங்க சொன்ன 140-ல காசும் சேர்ந்திருந்தா, அதைத் தனியா எடுத்து எடை போட்டுக்குங்க.

ரெண்டாவது, பறிமுதல் பண்ணலைன்னா கேள்வியே வராதுன்னு அர்த்தம் இல்லை. சோதனையில எடுக்காம விட்ட நகையையும் ஒண்ணு விடாம எடை போட்டு பட்டியல் எழுதிக்குவாங்க. அந்தப் பட்டியல் வரி மதிப்பீட்டுக்குப் போகும். 'இது எப்படி வந்தது'ன்னு அங்க கேட்கலாம். பதில் இல்லாத நகையோட மதிப்பை, கணக்கில் வராத வருமானம்னு சேர்த்துட்டா, சாதாரண வரி விகிதம் கிடையாது, அதுக்குன்னு தனி விகிதம். நீதிமன்றங்கள் இதுல நம்ம பக்கம் நின்ன தீர்ப்புகள் உண்டு. 2010-ல குஜராத் உயர் நீதிமன்றம், அந்த உத்தரவுல சொன்ன அளவு வரைக்கும் குடும்பத்துல சாதாரணமா இருக்கக் கூடியதுதான்னு ஏத்துக்கலாம்னு சொல்லியிருக்கு. 2011-ல டெல்லி உயர் நீதிமன்றம், கல்யாணமாகி 25 வருஷத்துக்கு மேல ஆன ஒரு அம்மாகிட்ட இருந்த 906 கிராமை, சீதனமாவும் விசேஷங்கள்லயும் வந்து சேர்ந்ததுன்னு ஏத்துக்கிச்சு. ஆனா அங்க வரைக்கும் போறதுக்கு எத்தனை வருஷம், எவ்வளவு செலவுன்னு யோசிச்சுப் பாருங்க. பில் இருந்தா முதல் நாளே முடிஞ்சுடும்.

சரி, எது பில்? இங்க நம்ம ஏரியாவுல எம்.சி. ரோட்டுல ஆகட்டும், சவுகார்பேட்டையில ஆகட்டும், 'பில் வேணாம்னா மூணு பர்சென்ட் மிச்சம்'னு சில கடைகள்ல சொல்லுவாங்க. 1 லட்ச ரூபா நகைக்கு 3,000 ரூபா மிச்சம்னு நாம சந்தோஷமா தலையாட்டிடுவோம். கையில கொடுக்கிறது ஒரு துண்டுச் சீட்டு: எடை, சேதாரம், மொத்தத் தொகை. மேல எஸ்டிமேட்னு போட்டிருக்கும். அது பில் இல்லைம்மா. நகை வாங்கினதுக்கு அது ஆதாரமே ஆகாது. சரியான பில்லுல கடையோட 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடைன்னா அது 33-ல ஆரம்பிக்கும். வரிசை எண், தேதி, உங்க பேரு, ஒவ்வொரு உருப்படிக்கும் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, 916-ஆ வேறயான்னு சுத்தம், எல்லாம் தனித்தனியா இருக்கணும். 2023 ஏப்ரல்ல இருந்து ஹால்மார்க் நகையில ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி குறி கட்டாயம். அந்தக் குறி பில்லுலயும் இருக்கான்னு கடையிலேயே பார்த்துக்குங்க, பிஐஎஸ் கேர் செயலியில அடிச்சா நகையோட விவரம் வரும். பில்லையும் நகையையும் ஒண்ணா முடிச்சுப் போடுறது அந்த ஆறு எழுத்துதான். இல்லைன்னா 'இந்த பில்லு இந்தச் சங்கிலிக்குத்தான்'னு எப்படிக் காட்டுவீங்க?

பில் மட்டும் இருந்தாப் போதாது, பணம் எங்க இருந்து வந்ததுன்னும் தெரியணும். வீட்டுக்காரர் கார்டுல தேய்ச்சு உங்க பேர்ல பில் போட்டிருந்தா, அந்த மாச பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து பில்லோட சேர்த்து வச்சிடுங்க. நகைச்சீட்டு கட்டி வாங்கியிருந்தா சீட்டுப் புத்தகத்தைக் கடையில கொடுத்துட்டு வராதீங்க. கொடுத்துத்தான் ஆகணும்னா எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டுக் கொடுங்க.

இப்போ பில் இல்லாத உங்க 85 சவரன். இதுக்காக யார்கிட்டயாவது பழைய தேதி போட்டு பில் வாங்கலாம்னு நினைக்காதீங்க. அது பொய் ஆவணம். இருக்கிற நல்ல பில்லையும் சேர்த்து சந்தேகத்துல தள்ளிடும். பில்லுக்குப் பதிலா வேற காகிதம் தேடணும். வட சென்னையில எந்த வீட்டுலயும் நகை ஒரு தடவையாவது அடகுக்குப் போயிருக்கும். அந்தச் சீட்டு பெரிய சாட்சி. பேங்க் நகைக்கடன் சீட்டுல தேதி, 'ஆரம் 1, வளையல் 4'ன்னு உருப்படி, மொத்த எடை, நிகர எடை எல்லாம் இருக்கும். 2009-ல அடகு வச்ச ஆரத்தை, போன வருஷம் கறுப்புப் பணத்துல வாங்கினதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மீட்டதும் அதைக் கிழிச்சுப் போடாதீங்க. பேங்க்ல பழைய கணக்கு விவரம் கேட்டும் வாங்கலாம்.

கல்யாண ஆல்பத்துல நகை போட்டிருக்கிற போட்டோ, சீர் எழுதின நோட்டு, மாமியார் உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், இதெல்லாமும் உதவும். அம்மாவோ மாமியாரோ இருக்காங்கன்னா, இந்தெந்த நகையை இந்த வருஷம் உனக்குக் கொடுத்தேன்னு அவங்க கையெழுத்தோட இப்பவே எழுதி வாங்குங்க. பெற்றோர், மாமனார் மாமியார், கூடப் பிறந்தவங்க கொடுத்த நகைக்கு வாங்குறவங்களுக்கு வரி கிடையாது. கல்யாணத்துக்கு வந்த பரிசுக்கும் அப்படித்தான். அவங்க பழைய பில் இருந்தா அதையும் சேர்த்து வாங்கிக்குங்க. நாளைக்கு நீங்க விக்கிறப்போ லாபத்தைக் கணக்குப் போட அவங்க வாங்குன விலைதான் உங்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதா இருந்தா அன்னிக்கு இருந்த சந்தை விலையை எடுத்துக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு காட்ட அந்தக் காகிதம் வேணும்.

பழசைக் கொடுத்து புதுசு வாங்குறப்பதான் பெரிய குழப்பம் வருது. 5 சவரன் சங்கிலியைப் போட்டு 6 சவரன் ஆரம் வாங்குறீங்க. கையில இருந்து போறது வித்தியாசத் தொகை மட்டும். ஆனா பில்லுல ஆரத்தோட முழு விலையும், பழைய தங்கத்துக்குக் கழிச்ச எடையும் தொகையும் தனித்தனியா வரணும், கேட்டு வாங்குங்க. இல்லைன்னா 6 சவரனுக்கும் இப்போ பணம் கொடுத்த மாதிரிதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சங்கிலியோட பழைய பில்லை எடுத்து, 'இந்தத் தேதியில, இந்த பில் எண்ணுக்கு மாத்தியாச்சு'ன்னு பேனாவுல எழுதி, புது பில்லோட பின் பண்ணி வச்சிடுங்க. எழுதலைன்னா உங்க கவர்ல 11 சவரனுக்கு பில் இருக்கும், பெட்டியில 6 சவரன்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்தா மத்த பில்லையும் நம்ப மாட்டாங்க.

கடையில கொடுக்கிற பில்லு மெல்லிசா வழவழன்னு இருந்தா அது சூட்டுல அச்சாகுற தாள். ரெண்டு மூணு வருஷத்துல எழுத்து மங்கிடும். அதை லேமினேட் பண்ணக் கொடுக்காதீங்க, அந்தச் சூட்டுல தாள் முழுசா கறுத்துடும். வாங்குன அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து, போன்ல ஸ்கேன் பண்ணி உங்க மெயிலுக்கும் பொண்ணு மெயிலுக்கும் அனுப்பிடுங்க. நகை லாக்கர்ல இருந்தா பில்லை வீட்ல வைங்க, ரெண்டையும் ஒரே இடத்துல வைக்க வேணாம்.