தடித்த தாளா, உறுதியான தாளா?

வணக்கம் நேயர்களே. ஒரு தாள் தடிமனாக இருந்தால் சுலபத்தில் கிழியாது என்று நினைக்கிறோம். கடையில் வாங்கும் தாளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பழைய தாளை ஊறவைத்து, அரைத்து, நாமே வலையில் வார்க்கும் தாளுக்குப் பல நேரம் பொருந்துவதில்லை. காரணம் கூழில் இருக்கிறது.

ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள்களை எடுத்துக்கொள்வோம். பின்களை நீக்கி, விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து, ஓர் இரவு நீரில் ஊறவைக்கிறோம். கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது. கிழிக்கும்போது நார்கள் பிரிந்து வரும், வெட்டினால் நாரும் சேர்ந்து துண்டாகும். மறுநாள் மிக்ஸியில் ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் காய்ந்த தாள் என்ற அளவில் போட்டு அரைக்கிறோம். தாள் இதைவிட அதிகமானால் மிக்ஸி திணறும், கட்டிகளும் தங்கும்.

எவ்வளவு நேரம் அரைப்பது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. முதலில் தாள் தனித்தனி நாராகப் பிரிகிறது. தொடர்ந்து அரைத்தால் நாரின் மேற்பரப்பு சிலும்பி, காயும்போது பக்கத்து நாரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதையும் தாண்டினால் மிக்ஸியின் கூரான அலகு நாரையே நறுக்கிவிடும். ஏற்கெனவே ஒரு முறை காய்ந்த நார் இது. புது நார்போல நீரை வாங்கி உப்பாது, அதனால் பிணைப்பும் குறைவு. நீளமும் போனால் கிழிசலைத் தடுக்க எதுவும் மிஞ்சாது.

எப்போது நிறுத்துவது? ஒரு கரண்டிக் கூழைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியும் துணுக்கு மிதந்தால் இன்னும் அரைக்க வேண்டும். மேகம்போல ஒரே சீராக இருந்தால் போதும். வலையில் ஊற்றிய நீர் வடிய முன்பைவிட வெகுநேரம் ஆனால், அரைத்தது மிகுந்துவிட்டது. ஒவ்வொரு தொகுதியிலும் வடியும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் உள்ள எளிய அளவுகோல் அதுதான்.

இனி ஒப்பிடுவோம். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. வலை கட்டிய நம் மரச்சட்டம் அதில் பாதி, அதாவது 32-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தாளின் எடையை 32-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும். வார்த்த தாளையே எடை போடுங்கள், போட்ட கழிவுத் தாளின் எடையை நம்ப வேண்டாம். அலுவலகத் தாளில் சேர்த்திருக்கும் சுண்ணாம்புத் தூளில் ஒரு பகுதி வலை வழியே போய்விடும். வடிந்த நீர் பால்போல இருப்பது அதனால்தான்.

தடிமனுக்கு ஒரே தாளிலிருந்து பத்துத் துண்டு வெட்டி, அடுக்கி, திருகு அளவியால் அளந்து பத்தால் வகுக்கலாம். கிழிதிறனுக்கு ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டையின் நடுவே இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுங்கள். இரு நாக்குகள் கிடைக்கும். ஒன்றை மேசை விளிம்பில் கவ்வி வைத்து, மற்றொன்றில் காகிதக் கோப்பையைத் தொங்கவிட்டுச் சிறுகச் சிறுக நீர் ஊற்றுங்கள். கீறல் ஓடத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, கோப்பையை நீரோடு, மாட்டிய கவ்வியோடு எடை போடுங்கள். ஐந்து பட்டையின் சராசரி வேண்டும். எல்லாத் தாளும் ஒரு நாள் ஒரே அறையில் கிடந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஈரப்பதம் மாறினால் கிழிதிறனும் மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவாக அரைத்த தாள் 3.1 கிராம், தடிமன் 0.25 மில்லிமீட்டர், 45 கிராமில் கிழிந்தது என்று வையுங்கள். மிகையாக அரைத்தது 3.75 கிராம், அதே 0.25 மில்லிமீட்டர், கிழிந்தது 48 கிராமில். இரண்டாவதுதான் உறுதி என்று தோன்றும். முதல் தாள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம், இரண்டாவது 120. கிழித்த எடையைச் சதுர மீட்டர் எடையால் வகுத்து, கிராமுக்குக் கிராம் பார்த்தால் முதலாவது 0.45, இரண்டாவது 0.40. இரண்டாவதில் கூழ் அதிகம் விழுந்திருக்கிறது, நாரின் உறுதியோ குறைந்திருக்கிறது. தடிமன் சமமாக இருந்ததால், அதை மட்டும் அளந்தால் இது தெரிந்திருக்காது, பாருங்கள். அழுத்தி வைக்கும் பாரத்தைக் கூட்டினாலே தடிமன் குறைந்துவிடும், எடை மாறாது. அதனால் தடிமனை ஒப்பிடுவதாக இருந்தால் எல்லாத் தாளுக்கும் ஒரே பாரம், ஒரே நேரம்.

மிகையாக அரைத்த தாளுக்கும் ஒரு சிறப்பு உண்டு. வழவழப்பாக இருக்கும், எழுத நன்றாக வரும். பையாக மடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், மிக்ஸியைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.