அரியர் வரியை எங்கே எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். கோவைப் பக்கம் பம்பு, வால்வு, கியர் செய்யும் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் பல வருடம் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தவன் நான். டிகிரியில் மார்க் குறைவு, அரியர் இருந்தது, ஆனால் அப்புறம் வேலை நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்பவர்கள் விண்ணப்பத்தில் அதை எப்படிச் சொல்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் ஒன்றும் நிற்காது. அதனால் ஒரு விண்ணப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பி.இ. மெக்கானிக்கல். 2014-இல் சேர்ந்தார், 2018-இல் வகுப்பு முடிந்தது. முடியும்போது கையில் மூன்று அரியர்: கணிதத்தில் இரண்டு தாள், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஒன்று. கடைசித் தாளை 2019 ஏப்ரல்-மே தேர்வில் முடித்தார். சி.ஜி.பி.ஏ. 6.2. படிப்பு முடிந்த கையோடு ஒரு சிறிய சி.என்.சி. பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு பெரிய வால்வு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.

முதலில் படிவம். பெரும்பாலான படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ஸ்டாண்டிங் அரியர்ஸ், அதாவது இன்றைய தேதியில் பாஸ் ஆகாமல் நிற்கும் தாள்கள். மற்றது ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ், அதாவது எப்போதாவது ஃபெயிலாகிப் பிறகு முடித்த தாள்கள். இந்தப் பெண்ணுக்கு முதல் கட்டத்தில் பூஜ்யம், இரண்டாவதில் மூன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் கட்டத்தில் மூன்று என்று போட்டவர்களும் உண்டு; அந்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் பார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் கழித்துவிடும். இரண்டாவதிலும் பூஜ்யம் போட்டவர்கள் அதைவிட அதிகம். அது பின்னால் மாட்டும். எப்படி என்று வருகிறேன். ஒரே தாளை இரண்டு தடவை எழுதியிருந்தால் அது ஒரு தாளா, இரண்டா என்ற சந்தேகம் பலருக்கு. படிவம் தாள்களின் எண்ணிக்கையைக் கேட்டால் ஒன்று. முயற்சிகளைக் கேட்டால் எத்தனை முறை எழுதினீர்களோ அத்தனை. கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

சதவீதம் கேட்டால் சி.ஜி.பி.ஏ.வை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சில இடங்களில் பத்தால் பெருக்குவார்கள். சில இடங்களில் 0.75 கழித்துவிட்டுப் பெருக்குவார்கள். 6.2 என்பது முதல் கணக்கில் 62, இரண்டாவதில் 54.5. அறுபது சதவீதம் என்று எல்லை போட்ட கம்பெனியில் இந்த வித்தியாசம் உங்களை உள்ளேயும் வைக்கும், வெளியேயும் தள்ளும். உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு.

அடுத்தது ரெஸ்யூமே. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். படிப்பை மேலே போட்டு, அதன் கீழே அரியருக்கு ஒரு விளக்கக் கடிதமே எழுதிவிடுகிறார்கள், இல்லையென்றால் சி.ஜி.பி.ஏ.வையே விட்டுவிடுகிறார்கள். விட்டால் எங்களுக்கு என்ன தோன்றும்? ஆறுக்கும் கீழே போலிருக்கிறது என்றுதான் தோன்றும். 6.2 என்று எழுதியிருந்தால் 6.2 என்று மட்டும் நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவோம்.

மூன்று வருட அனுபவம் உள்ளவர் வேலையை மேலே வைக்க வேண்டும், படிப்பைக் கீழே வைக்க வேண்டும். படிப்புக்கு இரண்டே வரி போதும்: "பி.இ. மெக்கானிக்கல், 2014–2018, சி.ஜி.பி.ஏ. 6.2. எல்லாத் தாள்களும் முடிந்தது மே 2019." இந்த இரண்டாவது வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் நடப்பது இது: ரெஸ்யூமேயில் 2018 என்று இருக்கும், டிகிரி சான்றிதழில் 2019 என்று இருக்கும். வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்சி பல்கலைக்கழகத்திடம் கேட்கும். வருடம் பொருந்தவில்லை என்று ரிப்போர்ட் வரும். ஹிஸ்டரி கட்டத்தில் போட்ட பூஜ்யமும் இங்கேதான் மாட்டும். மூன்று அரியருக்காக எந்த மேனேஜரும் அந்த நேரத்தில் ஆஃபரைத் திரும்ப வாங்க மாட்டார். தகவல் தப்பு என்று ரிப்போர்ட் வந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. விஷயம் அதற்குள் எச்.ஆர். கைக்குப் போயிருக்கும்.

இப்போது மூன்று தாளையும் பிரித்துப் பாருங்கள். கணிதத் தாள்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு தெரியாததால் யாரும் ஒரு வால்வைத் தவறாக அளந்துவிடப் போவதில்லை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அப்படியில்லை. வால்வு என்பது அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பொருள். அந்தத் தாளில் ஃபெயிலாகியிருந்தால் நான் நிச்சயம் கேட்பேன். ஆக, விளக்கம் தேவைப்படுவது வேலையோடு ஒட்டுகிற தாளுக்குத்தான். இதைப் பிரிக்காமல் எல்லா அரியருக்கும் சேர்த்து வருத்தப்பட்டுப் பேசுகிறவரிடம், தாளுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பே இவருக்குப் புரியவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு வரும்.

சரி, "அப்புறம் கற்றுக்கொண்டேன்" என்ற பகுதி. சாதாரணமாக வரும் ரெஸ்யூமேயில் ஜி.டி. அண்ட் டி., சி.எம்.எம்., செவன் கியூ.சி. டூல்ஸ் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். இதே வரிசையைப் பத்துப் பேர் ரெஸ்யூமேயில் பார்த்திருப்பேன். இந்தப் பெண் பட்டறையில் என்ன செய்தார் என்று அவரையே உட்கார வைத்துக் கேட்டால் வேறு மாதிரி வரும்.

ஒரு அலுமினிய ஹவுசிங். அதில் 25 மில்லிமீட்டர் துளை, எச்7 டாலரன்ஸ். அதாவது துளை 25.000-இலிருந்து 25.021 வரை இருக்கலாம். இருபத்தொரு மைக்ரான் மட்டுமே இடம். இவர்கள் பட்டறையில் சரி என்று அனுப்பிய உருப்படிகள் வாடிக்கையாளரிடம் போய் 'சின்னது' என்று திரும்பி வந்துகொண்டிருந்தன. மெஷின் ஆபரேட்டரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். இவர் துளையை அளக்கும் போர் கேஜ்மேலேயே சந்தேகப்பட்டு, கருவியாலும் அளப்பவராலும் ரீடிங் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஸ்டடி செய்தார். பத்து உருப்படி, மூன்று பேர், ஒவ்வொருவரும் மும்மூன்று முறை, ஆகத் தொண்ணூறு ரீடிங். அளப்பதிலேயே வரும் மாறுபாடு 34 சதவீதம் வந்தது. பத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் இடத்துக்குத் தக்கபடி ஏற்கலாம், முப்பதைத் தாண்டினால் அந்த அளவையை நம்பக் கூடாது என்பது தொழிலில் உள்ள வழக்கம். ஒருவர் காலையில் ஒருமுறை, அளவு தெரிந்த செட்டிங் ரிங்கில் கேஜுக்குப் பூஜ்யம் வைத்துவிட்டு நாள் முழுக்க அளந்தார். இன்னொருவர் அவ்வப்போது வைத்தார். ஒவ்வொரு பேட்சுக்கும் ரிங்கில் பூஜ்யம் வைப்பது என்று மாற்றியதும் 18-க்கு வந்தது.

திரும்பி வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தார்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 23 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் துளை, பத்து டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ ஆறு மைக்ரான் பெரிதாகத் தெரியும். அனுமதியே இருபத்தொன்று, அதில் ஆறு. இங்கே 25.003 காட்டியது வாடிக்கையாளரின் குளிரூட்டிய அறையில் 24.997 ஆகிவிடும். உருப்படியை ஆறவிட்டு அளக்க வைத்தார்.

இதை ரெஸ்யூமேயில் மூன்று வரியில் எழுதலாம்: என்ன பிரச்சினை, எப்படிக் கண்டுபிடித்தேன், எத்தனையிலிருந்து எத்தனைக்கு வந்தது. மூன்றாவது வரியில் 18 என்று உள்ளபடியே இருக்க வேண்டும். ஒன்பது என்று மாற்றினால் நான் அடுத்து கேட்கும் கேள்விக்கு நிற்காது. 18 என்றால், "போதுமா?" என்று கேட்பேன். "இந்தத் துளைக்கு இன்னும் குறைத்திருக்க வேண்டும், ஏர் கேஜ் வாங்கித் தரவில்லை" என்று சொன்னால் எனக்குத் திருப்தி. சிறிய பட்டறையில் வேலை பார்த்த யாரும் அதை நம்புவார்கள்.

இன்டர்வியூவில் அரியர் பேச்சு எப்படியும் வரும். எனக்குப் பழக்கமான பதில்கள்: வேல்யூவேஷன் சரியில்லை, மேடம் சரியாக நடத்தவில்லை, வீட்டில் கஷ்டம். கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடம் அதைக் கேட்ட பிறகு போர் கேஜைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. ஒரு வாக்கியத்தில் காரணம் போதும்: "மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கணக்குகளைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்தேன், அதனால் போயிற்று." உடனே அடுத்தது: "2019-இல் முடித்தேன். இப்போது வேலையில் டிராயிங் பார்க்கும்போது அந்தப் பாடம்தான் தேவைப்படுகிறது."

இப்படிச் சொன்னால் நான் விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாளிலிருந்தே ஒரு கேள்வி போடுவேன். அநேகமாக ஒரு ஸ்டெப் ஷாஃப்டை வரைந்து, "இது எங்கே உடையும்?" என்பேன். விட்டம் மாறுகிற அந்த மூலையில் ஆரம் இல்லாமல் கூராக இருந்தால் அழுத்தம் அங்கே குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால்தான் டிராயிங்கில் ஃபில்லட் ஆரம் கொடுக்கிறார்கள், அதனால்தான் அதையும் அளக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் அந்தத் தாளின் கதை என்னைப் பொறுத்தவரை முடிந்தது. சொல்லத் தெரியவில்லை என்றால், மூன்று வருட அனுபவம் இருந்தும் அரியர் அரியராகவே நிற்கிறது. எனவே, இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் ஃபெயிலான அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். முழுவதும் வேண்டாம், வேலையோடு ஒட்டுகிற இரண்டு யூனிட் போதும்.

எல்லா இடத்திலும் இது செல்லாது. பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றில் சதவீத எல்லையை அறிவிப்பிலேயே போட்டுவிடுவார்கள்; அங்கே யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், கேட்க அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. பெரிய கம்பெனிகளின் ஆன்லைன் படிவமும் ஏறக்குறைய அப்படித்தான். குவாலிட்டி மேனேஜரே ரெஸ்யூமேயைக் கையில் எடுத்துப் பார்க்கிற நடுத்தரக் கம்பெனிகளில்தான் நான் சொன்னது எடுபடும். அங்கே உங்கள் பட்டறையே சப்ளையராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பட்டறையின் உருப்படியை வாங்குகிற கம்பெனிக்கு உங்கள் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, அதில் கையெழுத்து உங்களுடையது.

ஒரு தாள் இன்னும் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் "தேர்வு எழுதியாயிற்று, முடிவு வரவேண்டியுள்ளது" என்று மாதம், வருடத்தோடு எழுதுங்கள். ஸ்டாண்டிங் அரியர் கட்டத்தில் அதை ஒன்று என்றே கணக்கிட வேண்டும். டிப்ளமா தகுதிக்கு எடுக்கிற இன்ஸ்பெக்டர் வேலைகள் உண்டு, அவற்றுக்கு டிகிரி முடியும்வரை விண்ணப்பிக்கலாம். சேரும் நாளில் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள். ஃபெயிலான தடவை வந்த பட்டியலையும் சேர்த்தே ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.