நாமக்கல்லில் தள்ளுபடியான ஒரு வேட்புமனு

எல்லோருக்கும் வணக்கம். தேர்தல் வழக்கு என்றதும் பலருக்கும் முதலில் வரும் கேள்வி, "தப்பு நடந்தது கண்ணுக்குத் தெரிகிறதே, கோர்ட் ஏன் உடனே நிறுத்தவில்லை?" என்பதுதான். அதற்கான பதில் நம் ஊரில், நாமக்கல்லில், 1951-ல் தொடங்குகிறது.

முதல் பொதுத்தேர்தல். சென்னை சட்டமன்றத்துக்கு, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவர் மனு தாக்கல் செய்தார். நவம்பர் 28-ம் தேதி பரிசீலனை, அன்றைக்கே தேர்தல் நடத்தும் அலுவலர் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டார், அலுவலரின் உத்தரவை ரத்து செய்து என் பெயரை வேட்பாளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள் என்று. நியாயமான கோரிக்கைதானே? உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 1952 ஜனவரி 21-ல் ஆறு நீதிபதிகள் அமர்வும் மறுத்துவிட்டது.

காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். அரசியல் சட்டத்தின் 329(பி) பிரிவு, தேர்தலைத் தேர்தல் மனு மூலமாக அல்லாமல் வேறு எந்த வழியிலும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. பொன்னுசாமி தரப்பு, "தேர்தல் என்றால் வாக்குப்பதிவும் முடிவும்தானே, வேட்புமனு அதற்கு முந்தைய கட்டம்" என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அறிவிப்பு வெளியாவதில் தொடங்கி முடிவு அறிவிப்பது வரை எல்லாமே தேர்தல்தான், நடுவில் புகுந்தால் தேர்தல் கால அட்டவணையே குலைந்துபோகும், அதோடு ஒரே விஷயத்தை முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் விசாரிக்கிற நிலை வரும் என்றது. அந்தத் தீர்ப்புதான் இன்றைக்கும் அடிப்படை.

அப்படியென்றால் வேட்புமனு தள்ளுபடியானவர் என்ன செய்வது? தேர்தல் முடியும்வரை பொறுத்திருந்து, முடிவு வந்தபின் தேர்தல் மனு போடணும். அந்தக் காலத்தில் இதைத் தேர்தல் தீர்ப்பாயங்கள் விசாரித்தன, 1966-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றம் விசாரிக்கிறது. இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒரு வேட்புமனு தவறாகத் தள்ளுபடியானது என்று நிரூபித்துவிட்டால் போதும், ஜெயித்தவரின் தேர்தல் செல்லாது. தள்ளுபடியானவர் நின்றிருந்தால் ஐம்பது ஓட்டு வாங்கியிருப்பாரா, ஐம்பதாயிரம் வாங்கியிருப்பாரா என்ற கேள்வியே கிடையாது. ஆனால் தகுதியில்லாத ஒருவரின் மனுவைத் தவறாக ஏற்றுக்கொண்டிருந்தால், அதனால் முடிவு மாறியது என்று காட்டியாகணும். ஏற்கப்பட்டது ஜெயித்தவரின் மனுவாகவே இருந்தால் அது சொல்லாமலே தெரியும். தோற்றுப்போன யாரோ ஒருவருடையது என்றால் நிரூபிப்பது பெரும்பாடு.

நடைமுறை இன்னும் கறாரானது. தோற்ற வேட்பாளர் மட்டுமில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் தேர்தல் மனு போடலாம். ஆனால் முடிவு வந்ததிலிருந்து 45 நாள்தான் கெடு. ஒரு நாள் தாமதமானாலும், உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை என்று எதைச் சொன்னாலும் மன்னிக்கிற அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடையாது. மனுவோடு 2,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டணும், கட்டாவிட்டால் விசாரணைக்கே போகாமல் தள்ளுபடி. எதிர்த்தரப்புக்குக் கொடுக்கிற ஒவ்வொரு நகலிலும், இது உண்மையான நகல் என்று மனுதாரரே கையெழுத்துப் போட்டிருக்கணும். வலுவான சங்கதி இருந்தும் இந்த இடத்தில் சறுக்கி விழுந்த மனுக்கள் உண்டு, அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டப்படும்.

ஊழல் செயல் என்று குற்றம் சாட்டினால் பாரம் இன்னும் கூடும். ஓட்டுக்குப் பணம், மிரட்டல், சாதி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது, அரசு ஊழியரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்துவது இதெல்லாம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் வருகின்றன. "தொகுதி முழுக்கப் பணம் கொடுத்தார்கள்" என்று எழுதினால் மனு நிற்காது. யார் கொடுத்தார், யாருக்கு, எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று எழுதி, தனியாகப் படிவம் 25-ல் பிரமாணப் பத்திரமும் வைக்கணும். கொடுத்தவர் வேட்பாளரா, அவருடைய ஏஜென்டா, இல்லை வேட்பாளரின் சம்மதத்தோடு கொடுத்தவரா என்று காட்டணும். கட்சித் தொண்டர் ஒருவர் கொடுத்தார் என்பது மட்டும் போதாது. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கணும்.

இப்போது ஆர்.கே. நகரை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 12-ல் நடக்கவிருந்த இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது முன்பு நின்ற வேட்பாளர்களும் திரும்ப நிற்க முடிந்தது. எப்படி என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆணையத்துக்குத் தேர்தலை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் இன்னார் ஊழல் செயல் செய்தார் என்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் இல்லை. அது தேர்தல் மனுவில் உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியது. தேர்தலே நடக்காதபோது தேர்தல் மனு எங்கிருந்து வரும்? அப்படி ஒரு நீதிமன்றம் சொன்ன பிறகும் தகுதிநீக்கம் தானாக வராது. விஷயம் குடியரசுத் தலைவரிடம் போகும், அவர் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படி ஆறு ஆண்டு வரை தடை விதிக்கலாம்.

தண்டனையால் வரும் தகுதிநீக்கம் வேறு கணக்கு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் அன்றைக்கே பதவி போய்விடும். முன்பு பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் மேல்முறையீடு செய்ய மூன்று மாதம் அவகாசம் இருந்தது, 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அடுத்த ஆண்டே ஜெயலலிதா தண்டனை பெற்றபோது ஸ்ரீரங்கம் தொகுதி காலியானது அதனால்தான். கட்சித் தாவல் என்றால் சபாநாயகர் முடிவு செய்வார். பஞ்சாயத்துத் தேர்தல் தகராறு மாவட்ட நீதிபதியிடம் போகும். எங்கே போகணும் என்று தெரியாமல் தவறான இடத்தில் மனு போட்டு அலைகிறவர்களுக்கு அதற்குள் அந்த 45 நாள் ஓடிவிடும்.

சரி, சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் போனால் என்ன கிடைக்கிறது? 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்ட 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியதுதான் சண்டை. தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயலணும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-வது பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்றம் அந்த ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது 2019 அக்டோபரில், மூன்று ஆண்டு கழித்து. எண்ணியும் ஆயிற்று, ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது.

பொன்னுசாமியிடம் "இப்போது வராதே, பிறகு வா" என்று சொன்ன சட்டம், பிறகு வருகிறவரின் வழக்கை அந்த அவையின் காலத்துக்குள் முடித்துத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் என்பதை வெறும் முயற்சியாக விடாமல், தேர்தல் மனுக்களுக்கென்றே நீதிபதிகளை ஒதுக்கி தினமும் விசாரிக்கணும், உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டுக்கும் கெடு வைக்கணும் என்பது என் கோரிக்கை. அடுத்த தேர்தல் முடிவு வந்த 46-வது நாளில், எத்தனை மனுக்கள் தாக்கலாகின, எவை எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று உயர் நீதிமன்றம் பொதுவில் வெளியிட ஆரம்பித்தாலே பாதி தாமதம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.