ரசம் எரிந்தால் வாயைத் திறந்து பாருங்கள்

வணக்கமுங்க. இன்றைக்கு கேமராவை கிளினிக் உள்ளேயே வைத்துவிட்டேன். பின்னால் கேட்பது பக்கத்துத் தறிக்குடோன் சத்தம். பல்லடம் பக்கம் அது இல்லாமல் வீடியோ எடுக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது ஒரு பான் மசாலா பாக்கெட். பெயர் தெரியாமல் டேப் ஒட்டியிருக்கிறேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் புகையிலை இல்லை என்று இருக்கிறது. பின்னால், கண்ணாடி போட்டால்தான் தெரியும், மெல்லுவது உடல்நலத்துக்குக் கேடு என்று இருக்கிறது. இதைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தவர் ஒரு தறிக்காரர், 29 வயது. பெயர் சொல்லாமல் பேசலாம் என்று அவரே சம்மதித்தார்.

அவர் வந்தது கடைவாய்ப் பல் சொத்தைக்காக. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் திறங்க" என்றேன். "இவ்வளவுதானுங்க டாக்டரம்மா" என்றார். கண்ணாடியை உள்ளே விட்டால் மருந்து அடைக்கும் கருவிக்கு இடமில்லை. ஸ்கேல் வைத்து மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் நடுவே அளந்தேன். 27 மில்லிமீட்டர். இந்த வயது ஆணுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டும்.

பாக்குப் போடுவீர்களா என்று கேட்டேன். "பொகையிலையே தொடறதில்லீங்க. வெறும் பாக்குத்தானுங்க." நாலு வருஷமாக, ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க, ஒரு நாளைக்கு எட்டுப் பத்து பாக்கெட். இடது கன்னத்தில் அரை மணி நேரம் அடக்கி வைத்திருப்பாராம்.

இங்கேதான் நம் ஊரில் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். புகையிலை வாயில் வேறு கெடுதல்களைச் செய்யும், புற்றுநோயும் தரும். ஆனால் வாயை இறுக்கி மூடுகிற இந்த நோய்க்குக் காரணம் பாக்கு. அதிலுள்ள அரிகோலின் என்ற சத்து, கன்னத் தோலுக்கு அடியில் நார் உண்டாக்கும் செல்களை விரட்டி வேலை வாங்குகிறது. பாக்கில் இருக்கும் செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பின்ன உதவுகிறது. அதன் துவர்ப்பு, பின்னிய நார் கரையாமல் பார்த்துக்கொள்கிறது. தோலைப் பதப்படுத்தி செருப்பாக்குகிறார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். வாய்ச் சவ்வடி நார்மிகை என்று எழுதுவார்கள், நாங்கள் ஓ.எஸ்.எம்.எஃப். என்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவைத் தடை செய்தபின் கடையில் பாக்கு ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று தனித்தனியாகத் தொங்கின. முதல் பாக்கெட் மட்டும் வாங்குகிறவர் தான் தப்பித்துவிட்டதாக நினைக்கிறார்.

சரி, வாய் 27-க்கு வருவதற்கு முன்னால் என்ன நடந்தது? அதைத்தான் அவரிடம் துருவிக் கேட்டேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு கறிவிருந்தில் பள்ளிபாளையம் சிக்கன் போட்டிருக்கிறார்கள். வர மிளகாய் கிள்ளிப் போட்டு, தேங்காய்ச் சில்லோடு வதக்கியது, அவர் தட்டு நிறையச் சாப்பிடுகிற அயிட்டம். அன்றைக்கு இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை, கன்னமெல்லாம் எரிச்சல். மிளகாய் காரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் வீட்டு ரசமே எரிந்தது. சூடு என்றார்கள், இளநீர் குடித்தார். வாய்ப்புண் என்றார்கள், மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டார். பாக்கை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் பாக்குப் போடும்போது எரியவில்லை.

ஆக, முதல் அறிகுறி வலி இல்லை, புண்ணும் இல்லை. மிளகாய் தாங்காமல் போவது. அப்புறம் வாய் வறளும், அண்ணத்தில் அவ்வப்போது சின்னக் கொப்புளம் வந்து உடையும். அடுத்தது நிறம். டார்ச் அடித்துப் பார்த்தால் கன்னத்தின் உட்புறம் சிவப்பு மங்கி, சலவைக்கல் மாதிரி வெளிறிக் கிடக்கும். ரத்தசோகையிலும் வாய் வெளிறும், எரியவும் செய்யும், ஆனால் தொட்டால் மெத்தென்றிருக்கும். இவருடைய கன்னத்தில் கையுறை போட்ட விரலை வைத்து உருட்டினேன். மேலிருந்து கீழாக ஒரு வடம் தட்டுப்பட்டது. "பாவு நூல் விறைப்பாக ஓடுகிற மாதிரி இருக்கிறது" என்றேன், தறிக்காரருக்கு உடனே புரிந்தது. இடது பக்கம் நன்றாக, வலது பக்கம் லேசாக. உள்நாக்கும் சுருங்கியிருந்தது. இரண்டு கேள்வி கேட்டேன்: சீட்டி அடிக்க வருகிறதா, வாய் கொப்பளிக்கும்போது கன்னம் உப்புகிறதா? ரெண்டும் இல்லை. இதை அவரே அதுவரை கவனித்ததில்லை.

வீட்டில் இப்படிப் பாருங்கள். உங்கள் கையின் ஆட்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற மாதிரி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் நுழையுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். போன வருஷம் நுழைந்து இன்றைக்கு இரண்டுதான் நுழைகிறது என்றால் பல் டாக்டரிடம் போங்கள். ஞானப்பல் வீங்கினாலும் வாய் திறக்காது, ஆனால் அது வலியோடு ரெண்டு மூன்று நாளில் வரும். இது வலியில்லாமல், மாதக்கணக்கில் வரும். இன்னொன்று, விரல் சோதனையில் தேறினாலே நோய் இல்லை என்று ஆகாது. எரிச்சல் கட்டத்தில் மூன்று விரலும் தாராளமாக நுழையும்.

"எங்க அமுச்சி அம்பது வருஷமா வெத்தலை போடுதே, வாய் நல்லாத்தானே இருக்கு?" இதைக் கேட்காத ஆள் இல்லை. எனக்கும் ஒரு அமுச்சி இருந்தார், இடிஉரலும் சுண்ணாம்பு டப்பாவுமாக. சோறு உண்டபின் ஒன்று, வேலூர் வெற்றிலையில் துளி சீவல் வைத்து, மென்று துப்பிவிடுவார். பாக்கெட்டில் இருப்பது முழுக்க உலர்ந்த பாக்கு, இலையே கிடையாது, நாள் முழுக்க ஓடும். அதனால் சில வருஷத்திலேயே காட்டிவிடுகிறது. அதோடு, பாக்குப் போடும் எல்லோருக்கும் இது வருவதில்லை, உடல்வாகும் சேர்கிறது. ஆனால் என் அமுச்சி தனியாகப் புகையிலையும் அடக்குவார், அந்தக் கன்ன மடிப்பில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை இருந்தது. அது வேறு கதை, அதையும் சதை எடுத்துப் பார்த்தோம்.

தறிக்காரருக்கு என்ன செய்தோம்? முதலில் பாக்கெட்டை நிறுத்தினார், அது இல்லாமல் மீதி எதுவும் பலிக்காது. வாரம் ஒருமுறை கன்னத்தில் நாரை இளக்கும் ஊசியும் ஸ்டீராய்டும் போட்டோம். வீட்டில் ஐஸ் குச்சிப் பயிற்சி: குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, சில நாளுக்கு ஒன்று சேர்ப்பது. ஒரு குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், தன் முன்னேற்றத்தை அவரே எண்ணிக்கொள்ளலாம். நாலு மாதத்தில் 32 வந்தது, எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது. அந்த வடம் போகவில்லை. போகாது, எரிச்சல் கட்டத்திலேயே வந்து பாக்கை நிறுத்தியிருந்தால் வடம் விழாமலே தடுத்திருக்கலாம். எர்ணாகுளத்தில் இந்த நோயாளிகள் 66 பேரை 17 வருஷம் தொடர்ந்து பார்த்ததில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

போன திங்கள்கிழமை வந்தார். சொத்தைப் பல்லை அடைத்தாயிற்று, இப்போது கருவி நுழைகிறது. சிக்கன் சாப்பிட்டீர்களா என்றேன். "சாப்பிட்டனுங்க, மிளகாயையெல்லாம் பொறுக்கி வீட்டுக்காரி இலையில வச்சுட்டேன்" என்றார்.