கொசுவத்தில் தொலையும் கோடு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் ஜவுளிக் கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். இணையக் கடைகளில் கண்டாங்கிச் சேலை என்று வருகிற படங்களில் எது கணினி வரைந்தது என்று பார்க்க ஒரே ஒரு வழியை மட்டும் இன்று சொல்கிறேன்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்க் கண்டாங்கிக்கு அடையாளமே கட்டமும் அகலக் கரையும்தான். கரைக்கு இணையாக ஓடும் கோடுகள் பாவு நூலில் வருபவை. அந்த நூல் சேலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகிறது. ஆகவே கரையிலிருந்து மூன்றாவது கோடு எங்கே பார்த்தாலும் மூன்றாவது கோடுதான். கொசுவ மடிப்புக்குள் மறையலாம். அடுத்த மடிப்பில் அதே உயரத்தில் வெளியே வந்தாக வேண்டும்.

அண்மையில் ஒரு ஆச்சி தம் பேத்திக்கு வாங்க நினைத்த சேலையின் படத்தைக் காட்டினார். கடுகு மஞ்சள் உடல், செங்கல் நிறக் கரை, பார்க்க அழகுதான். பெரிதாக்கிக் கொசுவத்தைப் பார்த்தோம். முதல் மடிப்பில் கரைக்கு மேல் முழங்கால்வரை நான்கு கறுப்புக் கோடுகள். மூன்றாவது மடிப்பில் ஐந்து. அதற்கடுத்ததில் இரண்டு கோடுகள் ஒன்றாகக் கலந்து, கரைக்குள்ளேயே இறங்கிவிட்டன. எந்தத் தறியும் அப்படி நெய்யாது. படம் வரையும் கணினிக்குக் கட்டம் தெரியும், நூல் தெரியாது.

இன்னொரு வகை, ஆள் படத்தின்மேல் துணியின் படத்தை ஒட்டுவது. அதில் கோடு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் மடிப்பு வளைகிற இடத்தில் கட்டம் ஒடுங்காமல், கணக்கு நோட்டுத் தாள்போல ஒரே அளவில் நிற்கும். நிறம் மாற்றிய படங்களும் உண்டு: ஒரே பெண், ஒரே மடிப்பு, ஐந்து நிறங்கள். அது மோசடி என்று சொல்ல மாட்டேன். அந்த நிறங்களில் சரக்கு உண்மையிலேயே இருக்கலாம்; ஆனால் சாயத்தின் அடர்த்தியை அந்தப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நெருக்கமான சிறு கட்டங்களைக் கைப்பேசிக் கேமரா அலையலையாகக் காட்டும். உண்மைப் படத்திலும் இது நேரும். சிறிய படத்தில் கோடுகள் குழம்பியும் தெரியும். ஆகவே தடித்த கோடுகளை மட்டும், கிடைக்கிற பெரிய படத்தில் எண்ணுங்கள்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாத ஒன்று, வேறு கடையிலிருந்து திருடிய உண்மைப் படம். அதற்குப் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியில் தேடுங்கள். பல கடைகளில் அதே படம் வந்தால் விற்பவரிடம் புதிய படம் கேளுங்கள். சேலையை மடித்துவைத்து, ஒரு மூலையைத் திருப்பி, பின்பக்கம் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். நெய்த கட்டம் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அச்சிட்டது பின்னால் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கேட்டதற்குப் பழைய படமே திரும்பி வந்தால், பணம் அனுப்பாதீர்கள்.