"பகுப்பாய்வு போதாது"ன்னு எழுதினா பிள்ளை என்ன செய்யும்?

வணக்கம் நேயர்களே. காரைக்குடிப் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு வரலாறு எடுக்குறேங்க. வரலாற்றுக் கட்டுரை திருத்தும்போது ஓரத்துல சிவப்பு மையில எழுதுற ரெண்டு வரி இருக்கே, அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசணும்னு கூப்பிட்டாங்க. அந்த ரெண்டு வரிக்குன்னே ஒரு நீள நோட்டு வச்சிருக்கேன், டீச்சர்ஸ் ரூம்ல எல்லாரும் அதை கமெண்ட் பேங்க்னு சொல்லுவாங்க. பிள்ளைங்க அடிக்கடி செய்யுற தப்புக்கு என்ன எழுதணும்னு முன்கூட்டியே யோசிச்சு, 20 மார்க் கட்டுரைன்னா 7 வரைக்கும் ஒரு பக்கம், 8ல இருந்து 13 வரைக்கும் ஒரு பக்கம், 14க்கு மேல ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சிருக்கேன்.

ஏன் இப்படிப் பிரிச்சேன்னு முதல்ல சொல்லிடுறேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு பேப்பர்ல "பகுப்பாய்வு போதாது"ன்னு எழுதிக் குடுத்தேன், நல்லா உழைக்கிற பொண்ணு, அடுத்த டெஸ்ட்ல பாத்தா ரெண்டு பக்கம் கூடுதலா எழுதியிருக்கு, எல்லாமே தேதியும் பேரும். அதுக்கு பகுப்பாய்வுன்னா இன்னும் நிறைய எழுதணும்னு அர்த்தமாப் பட்டிருக்கு. தப்பு என் மேலதான். அதே வரிய 15 மார்க் வாங்குற பையனுக்கு எழுதியிருந்தா அவன் புரிஞ்சுக்கிட்டிருப்பான், 6 மார்க் வாங்குற பிள்ளைக்கு அது வேற பாஷை. அதனால ஒரே குறைக்கு மூணு விதமா எழுதணும்னு அன்னைக்குத் தோணுச்சு.

எல்லாக் குறையும் பேச நேரம் இல்லைங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன். ஏன்னு கேட்டா என்ன நடந்துச்சுன்னு கதை சொல்றது. நான் வருஷா வருஷம் குடுக்குற ஒரு கேள்வியவே வச்சுக்குவோம், நம்ம ஊர் கேள்வி: 1930களில் கீழ் பர்மாவில் ஏராளமான விளைநிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது ஏன்?

இதுல 7 மார்க்குக்குக் கீழ வர்ற பேப்பர் எப்படி இருக்கும்னா, "நகரத்தார் கப்பலேறி ரங்கூன் போனார்கள். வட்டிக்குக் கொடுத்தார்கள். பிறகு நிலம் சேர்ந்தது. 1942ல் ஜப்பான் படை வந்தது. நிறையப் பேர் திரும்பி வந்தார்கள்." இதுல ஒரு வரி கூட பொய் இல்லைங்க. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில், வட்டிக்குக் கொடுத்தார்கள்ங்கற வரிக்கும் நிலம் சேர்ந்ததுங்கற வரிக்கும் நடுவுல இருக்குற இடைவெளில போயி ஒளிஞ்சுக்கிச்சு. இந்தப் பிள்ளைக்கு நான் எழுதுறது இதுதான்: "நடந்ததை வரிசையாகச் சொல்லியிருக்கிறாய், சரி. இப்போது இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரே ஒரு வரி எழுது. பணம் கொடுத்தவர் கைக்கு நிலம் எப்படி வந்தது?" அவ்வளவுதான். காரணம், விளைவு, பகுப்பாய்வு எந்த வார்த்தையும் கிடையாது. எந்த வரிக்கு நடுவுலன்னு இடத்தைக் காட்டணும், ஒரு வரிதான் கேக்கணும். ரெண்டு குறையைச் சேர்த்துச் சொன்னா இந்த அடுக்குல இருக்குற பிள்ளை ரெண்டையும் விட்டுடும், நான் நிறையத் தடவை பாத்துட்டேன்.

நடு அடுக்குதான் நோட்டுல ரொம்ப பக்கம் புடிக்குது, ஏன்னா கைடு படிச்சுட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் இங்கதான். இவங்க பேப்பர்ல காரணம் இருக்கும், நம்பர் போட்டு இருக்கும். உலகப் பொருளாதார மந்தம், நெல் விலை வீழ்ச்சி, அடமானக் கடன், செட்டியார்களின் பேராசை. நாலு பாயிண்ட், நாலும் ஒண்ணையொண்ணு பாக்காம நிக்கும். இதுக்கு பேங்க்ல இருக்குற கமெண்ட்: "நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறாய். முதல் மூன்றையும் அம்புக்குறி போட்டு இணை, ஒவ்வொரு அம்புக்குறி மேலும் 'அதனால் என்ன ஆனது' என்று எழுது."

அந்த அம்புக்குறி போட்டா என்ன வரும்னு நேயர்களுக்குச் சொன்னாதான் கமெண்ட்டோட வேலை புரியும். வெள்ளைக்காரன் பேங்க்ல நகரத்தார் கடன் வாங்குவாங்க, ஊர்ல இருந்து வர்ற டெபாசிட்டும் இருக்கும், அதை பர்மாவுல நெல் சாகுபடி பண்றவங்களுக்கு நிலத்தை அடமானமா வச்சுக்கிட்டுக் குடுப்பாங்க. நெல் நல்லா வித்த காலம் வரைக்கும் கடன் திரும்பி வந்துக்கிட்டே இருந்துச்சு. 1930ல மந்தம் வந்து நெல் விலை விழுது, கிட்டத்தட்ட பாதியாப் போச்சு. ஆனா கடன் ரூபாய்ல எழுதினது, அது பாதியாகல. சும்மா கணக்குக்கு, 100 கூடை நெல் வித்துக் கட்டக்கூடிய தவணைன்னு வைங்க, இப்ப அதே தவணைக்கு 200 கூடை விக்கணும், வயல் அவ்வளவு விளையாது. கட்ட முடியல. அடமான நிலத்தை வித்துப் பணமாக்கலாம்னா எல்லாரும் கடன்ல இருக்கும்போது வாங்க ஆள் இல்ல. அதனால கடனுக்குப் பதிலா நிலமே குடுத்தவங்க பேர்ல வந்துடுச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில இருந்துச்சு, 1937 வாக்குல அது 25 சதவீதம் கிட்ட வந்துடுச்சு. இவ்வளவும் ரெண்டு மூணு அம்புக்குறில வந்துடுதுங்க, பிள்ளை புதுசா ஒரு தேதி கூட மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, ஏற்கனவே எழுதின பாயிண்ட்ஸ்தான்.

அந்த நாலாவது பாயிண்ட், பேராசை, அதை நான் சும்மா அடிச்சு விடுறதில்ல. எங்க ஊர்ல இது கொஞ்சம் சூடான விஷயம், கிளாஸ்ல பாதிப்பேர் வீட்டுல பர்மாத் தேக்கு தூண் இருக்கும், மீதிப்பேர் அந்தத் தூணை வெளிய நின்னு பாத்தவங்க. "இப்படிச் சொல்லக்கூடாது"ன்னு எழுதினா நான் யார் பக்கம்னு பிள்ளை யோசிக்க ஆரம்பிச்சுடும். அதனால நோட்டுல இப்படி இருக்கு: "பேராசை 1920லும் இருந்திருக்கலாமே. அப்போது ஏன் இவ்வளவு நிலம் வரவில்லை? 1930க்குப் பிறகு மாறியது எது?" எப்பவும் இருக்குற ஒண்ணு, திடீர்னு நடந்த ஒண்ணுக்குத் தனியாக் காரணமா நிக்க முடியாதுங்கறது இந்த ஒரு கேள்வில பிள்ளைக்கே தெரிஞ்சுடும். என் நோட்டுல எனக்கு ரொம்பப் புடிச்ச வரி இதுதாங்க. சிப்பாய்க் கலகத்துக்கு வெள்ளையரின் கொடுமைதான் காரணம்னு எழுதினாலும் இதே வரிய வருஷத்தை மாத்திப் போடலாம், கொடுமை 1837லயும் இருந்துச்சே, 1857ல ஏன்?

14க்கு மேல வர்ற பிள்ளைங்களுக்கு எழுதுறதுதான் கஷ்டம், நிறைய டீச்சர்ஸ் இங்க "மிக நன்று"ன்னு போட்டுட்டுப் போயிடுறோம். ஒரு பையன் அம்புக்குறி எல்லாம் தானாவே போட்டு, சான்றும் வச்சிருந்தான், 1929-30ல பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு குடுத்த அறிக்கை. அதை அவன் 1930கள்ல நிலம் கை மாறினதுக்குச் சான்றா வச்சிட்டான். அவனுக்கு எழுதினேன்: "இந்த அறிக்கை எழுதப்பட்ட வருஷத்தைப் பார். இதில் 1937 நிலவரம் இருக்க முடியுமா? இது உன் வாதத்தில் எந்தப் படிக்குச் சான்று?" அவன் அந்தப் பத்தியத் தூக்கி மேல கொண்டுபோயி, விலை விழுறதுக்கு முன்னாடி கொடுக்கல் வாங்கல் எப்படி நடந்துச்சுங்கறதுக்கு அந்த அறிக்கையச் சான்றா வச்சான். அங்க அது நச்சுன்னு உக்காந்துச்சு. இந்த அடுக்குக்கு இன்னொரு வரியும் வச்சிருக்கேன்: "இதில் ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் முடிவு மாறுமா? எதை எடுத்தால் மாறும் என்று முடிவுரையில் சொல்." காரணங்களை எடை போடுன்னு சொல்றதை விட இது தெளிவா இருக்கு.

இந்த நோட்டை வச்சுக்கிட்டு மாட்டிக்கிற இடமும் இருக்குங்க. கட்டுல 40 பேப்பர், ராத்திரி 11 மணி, கை பாட்டுக்கு அதே வரிய எழுதிக்கிட்டே போகும். மறுநாள் பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு "எல்லாருக்கும் ஒண்ணுதான்டா"ன்னு மூடி வச்சிடுவாங்க. அதனால எந்த வரியா இருந்தாலும் அந்தப் பிள்ளை எழுதின நாலு வார்த்தையாவது உள்ள இருக்கணும்னு வச்சிருக்கேன், நோட்டுலயே அதுக்குக் கோடு போட்டு இடம் விட்டிருப்பேன். சில விஷயம் நோட்டுக்குள்ள அடங்கவே அடங்காது. ஒரு பையன், அவனோட அப்பத்தா சொன்னதுன்னு, அவங்க அப்பா 1942ல பர்மாவுல இருந்து நடந்தே வந்த கதைய அரைப் பக்கம் எழுதியிருந்தான். கேள்விக்கு அது பதில் இல்ல, ஆனா அதுக்கு ரெடிமேட் வரி போட எனக்கு மனசு வரல. "இது 1942க்கான சான்று, பத்திரமாக எழுதி வை. இந்தக் கேள்வி 1930களைப் பற்றியது, அந்தக் கொள்ளுத்தாத்தா அப்போது யாருக்குக் கடன் கொடுத்தார் என்று அப்பத்தாவிடம் கேள்"னு தனியா எழுதிக் குடுத்தேன்.

இன்னொண்ணு, பேப்பரை எப்படித் திருப்பிக் குடுக்கறோம்ங்கறது. இஸ்ரேல்ல ரூத் பட்லர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1988ல வெளியிட்ட ஆய்வுல, மார்க் இல்லாம கமெண்ட் மட்டும் வாங்கின பிள்ளைங்க அடுத்த வேலைய நல்லா செஞ்சாங்க, மார்க்கும் கமெண்ட்டும் சேர்த்து வாங்கினவங்ககிட்ட அந்த முன்னேற்றம் வரல. எங்க கிளாஸ்லயும் மார்க்கைப் பாத்ததும் கமெண்ட்டை யாரும் படிக்கிறதில்ல. அதனால நான் மார்க்கை என் நோட்டுல மட்டும் குறிச்சுக்கிட்டு, கமெண்ட்டோட பேப்பரைக் குடுத்துட்டு, அங்கயே பத்து நிமிஷம் தருவேன். கமெண்ட் கேட்ட அந்த ஒரு வரியோ அம்புக்குறியோ போட்டுக் காட்டினதுக்கு அப்புறம்தான் மார்க். முதல் தடவை முணுமுணுப்பாங்க, அப்புறம் பழகிடும். எனக்கும் அதுல ஒரு லாபம், பத்து நிமிஷத்துல பேனாவை எடுக்காம முழிக்கிற பிள்ளை இருந்தா, நான் தப்பான அடுக்குல இருந்து கமெண்ட் எடுத்திருக்கேன்னு அர்த்தம். அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வைப்பேன், மூணு புள்ளி விழுந்தா அந்த வரிய அடிச்சுட்டு வேற எழுதுவேன்.

போன தடவை அப்படி உக்காந்திருக்கும்போது, 6 மார்க் பேப்பர் ஒண்ணு, அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு ஒரு வரி எழுதுச்சு: "ஏனென்றால் நெல் விலை குறைந்தது, கடன் குறையவில்லை."